ஒத்திகை இல்லாத தமிழ் மாலை

‘அனைவரும் வருக, அனுமதி இலவசம்.’ பெங்களூரில் தமிழமைப்புகள் நடத்தும் கலைமாலைகளின் அழைப்பிதழில் கடைசி வரி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. இவ்வரியைப் பெருந்தன்மையின் அடையாளமாக வாசிப்பது வழக்கம். ஆனால், அன்று மேடையேறும் குழந்தைகளுள் மிகப் பலர் ஒரு தமிழ் வாக்கியத்தைக்கூட முழுமையாகப் பேசப்போவதில்லை என்பதற்கான முன்னறிவிப்பாகவும் இதனை வாசிக்கலாம். நுழைவுச்சீட்டுக்கும் குழந்தையின் வாக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழும். தொடர்பு கணக்கேட்டில் இருக்கிறது.

முதலில் அந்த மாலையை உள்ளவாறே பார்த்துவிடலாம். அரங்கம் அரைநாள் முறைக்கு வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கும். ஐந்தரை மணிக்குத் தொடங்கவேண்டிய நிகழ்ச்சி ஆறேகாலுக்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, குத்துவிளக்கு, புரவலர்களுக்குப் பொன்னாடை, நினைவுப்பரிசு, சிறப்பு விருந்தினரின் உரை ஆகியவற்றிலேயே ஒன்றரை மணி நேரம் கழியும். பிறகு திரைப்பாடல் ஒலிப்பதிவுக்குச் சிறுவர் நடனங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு நடனம் முடிந்ததும் ஒரு கொத்துப் பெற்றோர் எழுந்து குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியேறுவர். நிகழ்ச்சிநிரலின் கடைசியில் ஒரு நாடகம் அச்சிடப்பட்டிருக்கும். அரங்கக் காவலாளி கைக்கடிகாரத்தைக் காட்டும் நேரத்தில் அது ‘பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோளுடன் மேடையேறும், அல்லது ஏறாமலே போகும். ஒரு கலைமாலையின் தரத்தை அறிய விமரிசகர் தேவையில்லை. ஆறரை மணிக்கும் எட்டரை மணிக்கும் நிறைந்திருக்கும் நாற்காலிகளை எண்ணிப்பார்த்தால் போதும்.

இதற்கு யாரையும் தனித்துக் குறைகூறுவது நியாயமன்று. அமைப்பாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, அலுவலகம் முடிந்து, போக்குவரத்து நெரிசலைத் தாண்டி வந்து உழைப்பவர்கள். குறை நிதியின் அமைப்பில் இருக்கிறது. பார்வையாளரிடம் பணம் வாங்காத நிகழ்ச்சி வேறொருவரிடம் வாங்கியே ஆகவேண்டும். அவர் வணிக நிறுவனமாகவோ, கட்டுமான முதலாளியாகவோ, தேர்தலை எதிர்நோக்கும் உள்ளூர்ப் பிரமுகராகவோ இருப்பார். அவர் வாங்குவது மேடை நேரம். பொன்னாடைக்கும் உரைக்கும் போன அந்த ஒன்றரை மணி நேரம் விற்கப்பட்ட நேரம். அதை விற்றவர்களுக்கு அது விற்பனை என்று தோன்றுவதில்லை. மரியாதை என்று தோன்றுகிறது. மேலும், புரவலர் பணம் தருவது கண்ணுக்குத் தெரியும் ஒரு மாலைக்கே. பதாகையில் பெயர் வரும், மேடையில் முகம் தெரியும். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஞாயிறு காலை பத்துப் பேர் பாய்விரித்து வசனம் படிப்பதற்குப் பதாகை கட்ட முடியாது. ஆகவே அதற்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. இலவச மாலையின் வரவுசெலவில் அரங்கம் உண்டு, ஒலி ஒளி உண்டு, மாலை உண்டு, சிற்றுண்டி உண்டு. ஒத்திகை என்ற தலைப்பு மட்டும் இருக்காது.

ஒத்திகைக்கு இடமும் நேரமும் இல்லாதபோது எது மேடையேறும்? ஒத்திகையைக் குறைந்த அளவே கேட்கும் வடிவம் மேடையேறும். நடனப்பள்ளி ஏற்கனவே கற்றுக்கொடுத்த நான்கு நிமிட அசைவு, ஒலிப்பதிவில் வேறு யாரோ பாடிய குரல், அதற்கு வாயசைப்பு. குழந்தை தமிழ்ப் பாட்டுக்கு ஆடுகிறது. தமிழில் அதன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. மொழி அமைப்பொன்று நடத்தும் நிகழ்ச்சியில் மொழி மட்டும் இரவல் குரலில் வருகிறது என்பதை எவரும் வியப்புடன் நோக்குவதில்லை.

நிற்க. மொழிப் பெயர்வு பற்றிய ஆய்வில் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூல் இங்கு நினைவுகூரத்தக்கது. நலிந்துவரும் மொழியொன்றின் நிலையை எட்டுப் படிகளாக அவர் வகுத்தார். எண் கூடக்கூட நலிவு மிகும். அவற்றுள் ஏழாம் படி சுவையானது. அம்மொழியைப் பேசுவோர் சமூகத்தில் ஊன்றியவர்கள், மொழிப்பற்று மிக்கவர்கள், சங்கம் வைப்பவர்கள், விழா எடுப்பவர்கள். ஆனால் பிள்ளைபெறும் வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய விழாக்கள் அவர்களுக்கு மகிழ்ச்சி தரும், ஆயினும் அடுத்த தலைமுறைக்கு மொழியைக் கடத்தும் ஆற்றல் அவ்விழாக்களுக்குத் தாமாக இல்லை என்பது அவர் வாதம். ஆறாம் படியே உயிர்நிலை. வீட்டிலும் தெருவிலும் அண்டை அயலிலும் மூத்தோரும் இளையோரும் அம்மொழியில் ஒருவரோடொருவர் பழகும் நிலை அது. ஏழாம் படியின் முயற்சிகள் ஆறாம் படிக்கு இட்டுச்செல்லாவிட்டால் வீண் என்று ஃபிஷ்மன் திரும்பத்திரும்ப எழுதினார்.

இந்த வகைப்பாட்டைப் பெங்களூரின் மீது அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு. இங்கே தமிழ் அழியும் மொழியன்று. ஓசூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலும், ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலம் அதற்கப்பாலும் இருக்கின்றன. 1809இல் தண்டு அமைக்கப்பட்டது முதல் படையோடும் வணிகத்தோடும் கூலிவேலையோடும் வந்து அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழருக்குப் பெங்களூர் ‘அயல் மண்’ என்று சொல்வதுகூட வரலாற்றுப் பிழைதான். ஆனால் கேள்வி தமிழகத்துத் தமிழைப் பற்றியதன்று, இந்நகரக் குடும்பமொன்றின் தமிழைப் பற்றியது. பாட்டி தமிழில் பேசுகிறார், பேரன் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ விடைதருகிறான் என்னும் வீடுகளுக்கு ஃபிஷ்மனின் ஏணி நன்றாகவே பொருந்தும். அந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் கலைமாலை ஏழாம் படியைச் சேர்ந்தது. ஒத்திகையோ ஆறாம் படியைச் சேர்ந்தது. இலவச மாலை செய்வது இதுதான்: ஆறாம் படியை உருவாக்கக்கூடிய ஒரே பகுதியை வெட்டியெறிந்துவிட்டு ஏழாம் படியை மின்விளக்கால் அலங்கரிக்கிறது.

இது வெறும் கோட்பாட்டுச் சொல் அன்று. நாற்பது நிமிட நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பாத்திரங்கள், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் இரு வாரங்கள் உட்கார்ந்து வாசிப்பது மட்டும். அடுத்த ஐந்து வாரங்கள் காட்சிகளைத் தனித்தனியே பிரித்து நிற்பதும் நடப்பதும். எட்டாம் வாரம் முதல் கையில் தாள் கூடாது. பதினோராம் வாரம் தொடக்கம் முதல் இறுதிவரை நிறுத்தாமல் ஓட்டம். பன்னிரண்டாவது ஒத்திகை அரங்கத்திலேயே, விளக்கோடும் ஒலிவாங்கியோடும். இந்நாடகத்தில் ஒரு சிறுமிக்கு முப்பது வசனங்கள் இருந்து, ஓர் ஒத்திகையில் அவற்றை மூன்று முறை அவள் சொன்னால், பன்னிரண்டு ஒத்திகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முழு வாக்கியங்களை அவள் வாய் சொல்லியிருக்கும். சொன்னவை மனப்பாடம்தானே என்பார்கள். ஆனால் ஒத்திகையில் வசனம் பாதிதான். மீதி ‘தாத்தா, இந்த இடத்தில் நான் உட்காரணுமா?’, ‘நீ சொல்றது எனக்குக் கேக்கலை, திரும்பிச் சொல்லு’ என்ற வகை உரையாடல். எழுபது வயதுக்காரரும் பத்து வயதுக்காரியும் ஒரு பொது வேலைக்காகத் தமிழில் பேசியே தீரவேண்டிய சூழல் இந்நகரில் வேறு எத்தனை இடங்களில் வாய்க்கிறது?

வாசிப்பு ஒத்திகையின் முதல் நாள் ஒரு மொழியியல் ஆய்வகம் என்று சொன்னால் மிகையாகாது. பெங்களூரில் படிக்கும் தமிழ்க் குழந்தைகள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, கன்னட எழுத்துத் தெரியும். ஆகவே வசனத்தைக் கன்னட எழுத்தில் பெயர்த்துத் தருவார்கள். நல்ல ஏற்பாடுதான், சில வகையில் தமிழ் எழுத்தைவிட உதவியானதும்கூட. தமிழில் ககரம் ஒன்றே இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும். கன்னடத்தில் ஒலிப்புடை ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் இருப்பதால், ‘தங்கம்’ என்பதைக் குழந்தை தடுமாறாமல் வாசித்துவிடும். இடர் வேறோர் இடத்தில் வருகிறது. இன்றைய கன்னட நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. பெயர்த்து எழுதுபவர் ளகரத்தை இடுவார். தாளில் ‘பளம்’ என்று இருப்பதால் குழந்தை ‘பளம்’ என்றே வாசிக்கும், ‘பளம்’ என்றே மனப்பாடம் செய்யும். குற்றம் குழந்தையின் நாவில் இல்லை, தாளில் இருக்கிறது. பழங்கன்னடத்தில் ழகரமும் அதற்கென ஓர் எழுத்தும் இருந்தன என்பதும், பிற்காலத்தில் அவ்வொலி பெரும்பாலும் ளகரமாகவும், மெய்யெழுத்துக்கு முன்னால் ரகரமாகவும் திரிந்தது என்பதும் திராவிட மொழியியல் படித்தோர் அறிந்ததே. அந்த ஆயிரமாண்டு வரலாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அல்சூரில் ஒரு வகுப்பறையில், பத்து வயதுக் குழந்தையின் கையிலுள்ள தாளில் மறுபடி நிகழ்கிறது. பெயர்ப்புத் தாளில் ழகர இடங்களை மட்டும் சிவப்பு மையில் தமிழ் எழுத்தாலேயே எழுதிக்கொடுத்தால் தீரும் சிக்கல் இது. அந்த ஓர் எழுத்து, குழந்தை கற்கும் முதல் தமிழ் எழுத்தாகவும் அமையலாம். ஆனால் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாசிப்பு ஒத்திகை வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஆடும் குழந்தைக்கு இச்சிக்கல் தோன்றுவதே இல்லை. அதனால் தீர்வும் தோன்றுவதில்லை.

(வசனத்தைச் செந்தமிழில் எழுதுவோர் மீதும் ஒரு சொல்: தண்டுப்பகுதித் தமிழர் பலருடைய முன்னோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கென்று இந்நகரில் வளர்ந்த ஒரு பேச்சு உண்டு. அதில் எழுதப்படும் நாடகங்கள் மிகக் குறைவு என்பது தமிழமைப்புகளின் குற்றம் மட்டுமன்று, ஆய்வாளர்களின் குற்றமும்கூட.)

இனிப் பணத்துக்கு வரலாம். 300 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை அரங்குக்கு அரங்கு பெரிதும் மாறும். இங்குள்ள தொகைகள் கணக்கின் வடிவத்தைக் காட்டவே. நிகழ்ச்சி நாளுக்கு அரங்க வாடகை 20,000 ரூபாய். மேடை ஒத்திகைக்கு அதே அரங்கம் இன்னொரு முறை 10,000. ஒலி, ஒளி 12,000. உடையும் ஒப்பனையும் 6,000. பன்னிரண்டு ஞாயிறுகளுக்கு ஒத்திகை அறை தலா 500 வீதம் 6,000. இருபத்தைந்து பேருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் ஆளுக்கு இருபது ரூபாய் வீதம் பன்னிரண்டு நாளுக்கு 6,000. மொத்தம் 60,000. நுழைவுச்சீட்டு 200 ரூபாய். அரங்கு முழுதும் விற்றால் செலவும் வரவும் சமம். ஆனால் அரங்கு முழுதும் விற்கும் என்று திட்டமிடுபவர் அனுபவமில்லாதவர். 200 சீட்டுகள் விற்கும் என்று கொண்டால் 40,000. எஞ்சிய 20,000 ரூபாய்க்கு உறுப்பினர் சந்தா, நிகழ்ச்சி மலரில் சிறு விளம்பரங்கள். இந்த அளவுக்குப் பணம் தருபவர் மேடையில் அரைமணி நேரம் கேட்க மாட்டார். மலரில் அரைப்பக்கம் கேட்பார், அதைக் கொடுத்துவிடலாம். கட்டணம் மொத்தச் செலவையும் ஈடுகட்ட வேண்டும் என்பதில்லை. மேடை நேரத்தை விற்காமலிருக்கும் அளவுக்கு ஈடுகட்டினால் போதும்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது விற்பனைக் குறைவு அன்று, இலவசச் சீட்டு. நடிப்போரும் பின்மேடையில் உழைப்போரும் இருபத்தைந்து பேர். ஒவ்வொருவரும் நான்கு சீட்டு கேட்டால் நூறு இருக்கைகள், அதாவது மூன்றிலொரு பங்கு அரங்கம், போய்விடும். மேலும், குடும்பத்தாருக்காக மட்டும் வந்தவர்கள் தம் வீட்டார் மேடையிறங்கியதும் எழுந்து போவார்கள். ஒருவருக்கு ஒரு சீட்டு, மற்றவை பாதி விலை என்ற விதியை முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வாரத்தில் சொன்னால் சண்டை வரும்.

மேடை ஒத்திகைக்கு ஒதுக்கிய 10,000 ரூபாயைத்தான் பொருளாளர் முதலில் வெட்டுவார். வெட்டினால் என்ன ஆகும் என்பதைப் பெங்களூரில் தமிழ் நாடகம் பார்த்தவர்கள் அறிவர். வகுப்பறையில் எல்லோருக்கும் கேட்ட குரல் அரங்கில் மூன்றாம் வரிசையோடு நின்றுவிடும். பின்வரிசையிலிருந்து ‘கேக்கலை’ என்று குரல் வரும். உடனே யாராவது கையில் பிடிக்கும் ஒலிவாங்கியை மேடைக்குக் கொடுத்தனுப்புவார். அந்தக் கணத்தில் நாடகம் இறந்துவிடும். அரசனும் தூதனும் ஒரே ஒலிவாங்கியை மாற்றி மாற்றி வாங்கிப் பேசுவார்கள். மூன்று மாதம் பழகிய கைகள் செய்வதறியாது தொங்கும். மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளை எங்கே வைப்பது, எந்தக் குழந்தையை இரண்டடி முன்னே நிறுத்துவது என்பவையெல்லாம் முந்தைய நாள் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும்.

தன்னார்வலர்களைப் பற்றியும் ஒரு மாயை உண்டு. ஊதியம் பெறாதவரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது என்பது அது. உண்மையில் தன்னார்வலர் விலகுவது கண்டிப்பினால் அன்று, காத்திருப்பினால். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் அல்சூர் நிலையத்துக்கு வந்து, தம்முடைய இரண்டு வசனத்துக்காக மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் நான்காவது வாரம் வரமாட்டார். காட்சிவாரியாக நேரம் குறித்து அழைத்தால் வருவார். ஆறாம் வாரத்திலும் தாளைப் பார்த்தே படிப்பவர், வாரத்துக்கு வாரம் இருபது நிமிடம் கூடுதலாகத் தாமதிப்பவர் ஆகியோர் பெரும்பாலும் எட்டாம் வாரத்தில் ‘அலுவலகத்தில் வேலை’ என்று குறுஞ்செய்தி அனுப்புவர். ஆகவே முதல் வாசிப்பிலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இன்னொருவரை மாற்றாகப் படிக்கவைப்பது நல்லது. சிறு பாத்திரம் ஏற்பவர் பெரிய பாத்திரத்தின் மாற்றாக இருந்தால் அவருக்கும் வருவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

நுழைவுக் கட்டணத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் இரண்டு மட்டும் விடைக்குரியவை. ஒன்று சட்டம். கட்டணம் வைத்தால் சரக்கு சேவை வரி வரும் என்று அஞ்சுகிறார்கள். நாடகம், நடனம், இசை நிகழ்ச்சிகளுக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான அனுமதிக் கட்டணத்துக்கு அவ்வரியிலிருந்து விலக்கு உண்டு; 200 ரூபாய்ச் சீட்டு அதற்குள் அடங்கும். பதிப்புரிமை பற்றிய அச்சம் இதைவிட நியாயமானது. பயில்முறைக் குழுவொன்று கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் ஓர் இலக்கிய, நாடக, இசைப் படைப்பை நிகழ்த்தினால் உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. சீட்டு விற்றால் அந்த விலக்கு போய்விடும். ஆகவே இன்றைய நாடகாசிரியர் ஒருவரின் படைப்பை எடுத்தால் அவரிடம் எழுத்தில் இசைவு பெற வேண்டும், ஒரு சிறு தொகையும் கொடுக்க வேண்டும். இது தடை என்று கருதப்படுகிறது. எழுதுபவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுப்பதைத் தவிர்ப்பதற்காக மூன்று மணி நேரத்தைப் புரவலருக்கு விற்பது எத்தகைய தமிழ்ப்பற்று? கொடுக்கவும் மனமில்லை என்றால் பாரதியின் படைப்புகள் இருக்கின்றன. அவை பொதுவுடைமையாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1964இல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் இருக்கின்றன. ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு என்ற வரம்பும் கடந்துவிட்டது.

மற்றொரு மறுப்பு வலுவானது. பெங்களூர்த் தமிழர் எல்லோரும் மென்பொருள் ஊழியர் அல்லர். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரின் உட்தெருக்களிலும் வாழும் துப்புரவுப் பணியாளரும் கட்டடத் தொழிலாளரும் நான்கு பேர் குடும்பத்துக்கு 800 ரூபாய் கொடுத்து நாடகம் பார்ப்பார்களா? பார்க்க மாட்டார்கள். எனவே முன்னூறில் ஐம்பது இருக்கைகளை இருபது ரூபாய்க்கு ஒதுக்க வேண்டும், அவை கடைசி வரிசைகளாக இருக்கவும் கூடாது. ஆனால் இவ்வாதத்தை முன்வைப்போர் இலவச மாலையின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே முன்வரிசை சிறப்பு விருந்தினருக்கும் புரவலர் குடும்பத்துக்கும் ‘ஒதுக்கப்பட்டது’ என்ற தாள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். நடனமாடும் குழந்தையின் உடை வாடகை, ஒப்பனைச் செலவு, நடன ஆசிரியருக்கான தொகை ஆகிய அனைத்தும் பெற்றோர் தலையில் விழும். இவை நுழைவுச்சீட்டைப் போலப் பல மடங்கு. இலவசமாக இருப்பது நாற்காலி. மேடைக்குக் கட்டணம் உண்டு. ஸ்ரீராமபுரத்துக் குழந்தை அங்கே பார்வையாளராக மட்டுமே வரமுடியும். ஒத்திகை அறையும் உடையும் பொதுச்செலவில் இருக்கும் நாடகத்தில் அக்குழந்தை பாத்திரமாக வரலாம். எது ஏழைக்குச் சாதகம்?

‘தமிழன் நாடகத்துக்குக் காசு கொடுக்க மாட்டான்’ என்பது மறுப்பு அன்று, பழி. அதே தமிழர் இந்நகரின் பல்திரை அரங்குகளில் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்துத் தமிழ்ப்படம் பார்க்கிறார்கள். மேலும் இதே நகரில் கன்னடப் பயில்முறை நாடகம் சீட்டு விற்றே வாழ்கிறது. சங்கர் நாக் நினைவாக 2004இல் ஜெ.பி. நகரில் திறக்கப்பட்ட ரங்க சங்கரா அரங்கில் ஏறத்தாழ நாள்தோறும் நாடகம் நடக்கிறது. குறித்த நேரத்துக்குப் பின் வருபவரைச் சீட்டு வைத்திருந்தாலும் உள்ளே விடுவதில்லை. கட்டணம் கொடுத்தவருக்கு அந்தக் கண்டிப்பைக் காட்ட முடிகிறது, அவரும் ஏற்கிறார். இலவசமாக அழைக்கப்பட்டவரிடம் அதைக் கேட்க முடியாது. அவர் தயவு செய்து வந்திருக்கிறார். கன்னட நாடகக் குழுக்கள் தம்மை ‘ஹவ்யாசி’ என்று அழைத்துக்கொள்கின்றன. பொழுதுபோக்காகச் செய்பவர் என்பது அச்சொல்லின் பொருள். தமிழ் நாடக வரலாற்றில் இதற்கு வழங்கும் சொல் ‘பயில்முறை’. பயிற்சி சொல்லிலேயே இருக்கிறது. பொழுதுபோக்கு என்று பெயரிட்டுக்கொண்டவர்கள் பயில்கிறார்கள், பயில்முறை என்று பெயரிட்டவர்கள் பொழுதுபோக்குகிறார்கள் என்பது பெங்களூரின் நகைமுரண்.

பயில்முறைத் தமிழ் நாடகம் தொடங்கிய கதையும் இந்தப் பக்கத்து மண்ணோடு தொடர்புடையதுதான். 1891இல் பல்லாரியைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அவர் வழக்கறிஞர், குழுவினரும் தொழில்முறை நடிகர் அல்லர். படித்தவர்கள் தம் வேலைக்கிடையே இத்தனை நேர்த்தியாக நடிக்க முடியும் என்பதை அதில்தான் பம்மல் சம்பந்த முதலியார் கண்டார். அவ்வாண்டே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பல்லாரி இன்று கருநாடகத்தில் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்குப் போன பாடம் பெங்களூருக்குத் திரும்பி வந்துசேரவில்லை.

அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டும் மூடப்பட்டே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்படும்வரை இந்நகரத் தமிழர் பதினெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள். சிலைக்காகப் பதினெட்டு ஆண்டு காத்திருக்கத் தெரிந்த அமைப்புகளிடம் ஒரு நாடகத்துக்காகப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கேட்பது பேராசையாகாது. அடுத்த பொங்கல் விழாவுக்கான செயற்குழுக் கூட்டங்கள் கூடும்போது உறுப்பினர் எவரேனும் எழுந்து, சிறப்பு விருந்தினர் யார் என்பதற்கு முன்னால், ஒத்திகை அறைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கட்டும். பொருளாளர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.